டார்ஸ்கி தேற்றம்: மேல்மொழிக்குப் போனதும் பொய்யன் வாக்கியம் என்ன ஆகிறது?

மன்னார்குடியில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை செமினார். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதல் பாதி புரிகிறது. 0, +, × உள்ள எண்கணித மொழியிலேயே ‘மெய்’ என்பதற்கு T(x) என்று ஒரு சூத்திரம் இருப்பதாக வைப்போம். மூலைவிட்டத் துணைத்தேற்றம் L ↔ ¬T(⌜L⌝) ஆகும்படி ஒரு வாக்கியம் L-ஐத் தருகிறது. T மெய்யைக் குறிப்பதென்றால் T(⌜L⌝) ↔ L என்றும் வர வேண்டும். இரண்டும் மோதுகின்றன, ஆகவே அப்படி ஒரு T கிடையாது.

சரி, T-ஐப் புதிய குறியாக வெளியிலிருந்து சேர்த்து, பழைய மொழியின் மெய் வாக்கியங்களுக்கு மட்டும் பொருந்தும்படி வைத்தேன். இந்த மேல்மொழியிலும் மூலைவிட்டம் வேலை செய்கிறது, அதே வடிவில் ஒரு L வந்து நிற்கிறது! நிரூபணத்தை வரிவரியாக எழுதிப் பார்த்தேன். L-க்குள் T இருப்பதால் அது பழைய மொழியின் வாக்கியமே இல்லை. அதனால் T(⌜L⌝) பொய், L மெய். மோதல் இல்லை. வகுப்பு நண்பர்களோ இது வெறும் சமாளிப்பு என்கிறார்கள். பாடநூல் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது.

L மெய், T(⌜L⌝) பொய் என்ற இந்த முடிவு சரிதானா, இல்லை எந்த வரியில் ஓட்டை?