வளர்ச்சி அட்டை சரி, சீட்டுல எப்படி எழுதறீங்க?

குழந்தைகள் ஓபி பார்க்கறவங்க சொல்லுங்க. ஈரோட்டுப் பக்கம் 9 வயசுப் பையன்: 135 செ.மீ., 41 கிலோ, பிஎம்ஐ 22.5. ஐஏபி 2015 அட்டையில, பெரியவங்க பிஎம்ஐ 27-க்கு நிகரான கோட்டுக்கு மேல நிக்குது. உயரம் வயசுக்கேத்தபடி நல்லாவே இருக்கறதால ஹார்மோன் கோளாறுக்கு வாய்ப்புக் குறைவுங்க.

எடையைக் குறைக்கச் சொல்லல. 41-லயே நின்னு 145 செ.மீ. வளர்ந்தா பிஎம்ஐ 19.5 ஆயிரும். சாயங்காலம் பப்ஸுக்குப் பதிலா அவிச்ச கடலைங்கறது அப்புச்சி, அம்முச்சி உட்பட வீட்டுக்கே.

சிக்கல் சீட்டுலதான். முந்தி யாரோ 'குண்டுப் பையன், தாய் ஒத்துழைப்பில்லை'ன்னு எழுதிட்டாங்க. பையனே எழுத்துக்கூட்டிப் படிக்கறான். 'பிஎம்ஐ 27 கோட்டுக்கு மேல். குடும்பம் தேர்ந்த மாற்றம்: மாலைத் தீனி'ன்னு மாத்தியாச்சு. ஆனா நோய்ப்பெயரே இல்லாட்டி அடுத்த டாக்டர் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்காம விட்டுருவார். 'உடல்பருமன் உள்ள குழந்தை'ன்னு எழுதலாமா, இல்ல வேற வார்த்தை இருக்குங்களா?