புதுப்பிப்பு: கறுப்பு முடியில் ஓம்ப்ரே நிறம் சரியாக வந்துவிட்டது

என் கேள்வி: "நுனியை நோக்கிச் செம்பு நிறமாக மாறும் ஓம்ப்ரேக்காகப் போட்டோஷாப்பில் கறுப்பு முடிக்கு Gradient Map போட்டேன். நிறம் நுனியில் மட்டும் வராமல் மினுங்கும் இடமெல்லாம் வருகிறது. ஏன்?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. வீட்டில் ப்ளீச் செய்யும் முறையை எழுதியவருக்கும்தான். ஆனால் நான் கேட்டது புகைப்படத்தைப் பற்றி.

"Gradient Map வெளிச்சத்தைப் பார்க்கும், இடத்தைப் பார்க்காது" என்று ஒருவர் எழுதிய வரிதான் கண்ணைத் திறந்தது. வேரிலிருந்து நுனிவரை நிறம் மாறுவது மாஸ்க்கின் வேலை. ஆனால் மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுத்ததும், அதில் இருந்த முடியின் தேர்வு அழிந்துபோனது. அவர் சொன்னபடி லேயரை ஒரு குரூப்புக்குள் வைத்து, முடியின் தேர்வைக் குரூப்பின் மாஸ்க்காக்கினேன். லேயரின் மாஸ்க்கில் தாடைக்கு மேல் கறுப்பு, தோளுக்குக் கீழ் வெள்ளை என்று கிரேடியன்ட் இழுத்தேன். நிறம் வரும் இடம் உடனே சரியாகிவிட்டது.

Gradient Map லேயரை Color மோடுக்கு மாற்றினாலே போதும் என்றவர் பாதி சரி. பழுப்பு முடிக்கு அது போதும். கறுப்பு முடியில் அது வெளிச்சத்தைக் கூட்டாததால் செம்பு நிறம் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த லேயரின் அடியில் Curves வைத்து, நடு நிழல்களை உயர்த்தி, அதற்கும் அதே மாஸ்க்கை Alt பிடித்து இழுத்து நகலெடுத்த பிறகே நிறம் எழுந்தது.

ஹைலைட்டுக்கு அதே Curves-இன் நகல் போதுமானதாக இருந்தது. மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, மெல்லிய வெள்ளைத் தூரிகையால் முடி போகும் திசையிலேயே கீற்றுகள் வரைந்தேன்.

எதிர்பாராதது ஒன்று: Curves நிழலில் கிடந்த புள்ளிகளையும் வெளியே கொண்டுவந்தது. அதன் Opacity-ஐ 70% ஆக்கியதும் அடங்கியது. பறக்கும் ஒற்றை முடிகளைச் சுற்றிச் சுவரிலும் செம்பு நிறம் படிவது மட்டும் இன்னும் தீரவில்லை.