ஒரே நாள் சமையல், ஒவ்வொண்ணுக்கும் வேற புளிப்பு: அசாம் கெப்பிங் பத்தி ஒரு கேள்வி

வணக்கம் அக்காமாரே, அண்ணன்மாரே. நான் சுங்கை சிப்புட். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பம் ஜோகூர்லருந்து வருது, மொத்தம் 14 பேர். போன தடவை சாம்பார், மீன் கறி, ரசம் மூணுக்கும் ஒரே புளிக் கரைசல், ஒரே மிளகாய்த்தூள் போட்டேன். "எல்லாம் ஒரே ருசியா இருக்கேம்மா"ன்னு அம்மா சொன்னது இன்னும் மனசுல நிக்குது.

இந்தத் தடவை புளி மீன் கறிக்கு மட்டும், காய்ந்த மிளகாயோட. ரசத்துக்கு பருப்புத் தண்ணி, மிளகு, எலுமிச்சை. சாறை அடுப்பை அணைச்சப்புறம்தான் பிழியணும், கொதிச்சா கசக்கும். சாம்பாருக்குப் பதிலா பூசணிக்காய் மோர்க்குழம்பு: பச்சை மிளகாய், சீரகம், தேங்காய் அரைச்சு ஊத்தி, நுரை கூடினதும் இறக்கிடுவேன். இல்லன்னா தயிர் திரிஞ்சிடும்.

மீனுக்கும் தேங்காய்ப்பால் ஊத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா புளிப்பு, காரம் வேறயா இருந்தாலும், ரெண்டுலயும் தேங்காய் நின்னா நாக்குக்கு ஒண்ணாத்தான் தெரியும். அதனால மீன் கறி வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டுலயே நிக்கட்டும். தேங்காய்ப்பாலை ராத்திரி இறாலுக்கு ஒதுக்கிட்டேன்: சிலி பாடி, மஞ்சள், புளிப்புக்கு அசாம் கெப்பிங்.

இங்கதான் உதவி வேணும். அரை கிலோ இறாலுக்கு 2 துண்டு போட்டுப் பார்த்தேன். இறக்கினப்ப அளவா இருந்தது. துண்டை எடுக்காம விட்டதால ராத்திரிக்குள்ள பல் கூசுற புளிப்பு. 2 கிலோவுக்கு எத்தனை துண்டு போடுவீங்க? தேங்காய்ப்பாலுக்கு முன்னாடியா, பின்னாடியா? எப்ப எடுப்பீங்க?