மில்லியன், பில்லியனைக் கோடியாக்கும்போது சறுக்கும் இடங்கள்: உங்கள் அனுபவம்?

செய்திமேசை
நான் அடிக்கடி திருத்த வேண்டியிருப்பது அன்னியச் செலாவணிக் கையிருப்புச் செய்தி. ரிசர்வ் வங்கி வாராவாரம் வெளியிடும் அட்டவணையில் ஒரே கையிருப்புக்கு இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்று `₹ Cr.`, மற்றது `US$ Mn.`. 2024 செப்டம்பர் 27 அன்று முடிந்த வாரத்தில் டாலர் பத்தியில் 704885. நம் வழக்கப்படி காற்புள்ளி வைத்தால் 7,04,885. உடனே கண்ணுக்கு 'ஏழு லட்சம்' என்று படுகிறது. பக்கத்துப் பத்தியில் கோடி நிற்கிறது. இரண்டும் சேர்ந்து '7.04 லட்சம் கோடி டாலர்' ஆகிவிடும். பத்து மடங்கு அதிகம்! சரியானது 70,488 கோடி டாலர்.

வடிவேலன்
இதற்கு மூன்று வரி போதும். மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி. பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி. டிரில்லியன் என்றால் பத்து லட்சம் கோடி. மேசையில் ஒட்டிவைத்துவிடுங்கள்.

பழைய பிழைதிருத்தி
முதல் இரண்டும் சரி. மூன்றாவதை ஒட்டாதீர்கள். ஒரு பில்லியன் நூறு கோடி என்றால், ஆயிரம் பில்லியன் ஒரு லட்சம் கோடி. அதுதான் டிரில்லியன். உங்கள் கணக்கில் '5 டிரில்லியன் டாலர் பொருளாதாரம்' 50 லட்சம் கோடி டாலர் ஆகிவிடும்.

இந்தச் சமன்பாடு பிழையைக் கண்டுபிடிக்கவும் உதவும். ஆங்கில மூலத்தில் 704.885 பில்லியன் என்று இருக்கிறது. அது இன்னும் டிரில்லியனைத் தொடவில்லை. ஆகவே தமிழில் 'லட்சம் கோடி டாலர்' ஒன்றைத் தாண்டவே முடியாது. தாண்டியிருந்தால் கணக்கைப் பார்க்கவே வேண்டாம், தப்பு.

ரூபாய் மதிப்பும் வேண்டுமென்றால் அன்றைய மாற்று விகிதத்தால் நீங்களே பெருக்காதீர்கள். அதே அட்டவணையின் கோடிப் பத்தியை எடுங்கள். ஆனால் 'கையிருப்பு உயர்ந்தது' என்று தலைப்பிடும் முன் டாலர் பத்தியையும் பாருங்கள். ரூபாய் சரிந்த வாரத்தில் டாலரில் குறைந்த கையிருப்பு ரூபாயில் கூடியதாகத் தெரியலாம்.

கணக்கர் மணி
எக்செலில் எனக்கு 12,345,678 என்றே வருகிறது. 1,23,45,678 என்று வர என்ன செய்வது? தலைப்பு இதுதானே?

பழைய பிழைதிருத்தி
தலைப்பு அதுவல்ல, ஆனாலும் பலருக்குத் தேவைப்படும். தனிப்பயன் எண் வடிவத்தில் இதை இடுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இதற்கு இரண்டு குறை உண்டு. நஷ்டக் கணக்கில் வரும் எதிர்ம எண்கள் கடைசிப் பகுதிக்குப் போய், பழையபடி மூன்று மூன்று இலக்கமாகவே பிரியும். நூறு கோடியைத் தாண்டினால் இடது ஓரத்தில் காற்புள்ளி விழாது. 1234,56,78,901 என்று நிற்கும். செய்திக்கென்றால் முதலில் ஒரு கோடியால் வகுத்து '1,234 கோடி' என்று எழுதுவதே நல்லது.

கிழக்கிலங்கை வாசகி
எல்லாவற்றையும் கோடியாக்கச் சொல்கிறீர்கள். எங்கள் பத்திரிகைகளில் 'மில்லியன்', 'பில்லியன்' என்றுதான் எழுதுவோம். மத்திய வங்கியின் அறிக்கையும் அப்படியே. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஒப்புக்கொண்ட சுமார் 3 பில்லியன் டாலரை '300 கோடி' என்று போட்டால் இங்குள்ளவர் ஒருகணம் தயங்குவார்.

செய்திமேசை
உண்மை. வாசகர் எங்கிருக்கிறார் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதே செய்திக்கு 300 கோடி டாலர் என்றே போடுவோம். அடைப்பில் ரூபாய் சேர்த்தால் 'சுமார் 25 ஆயிரம் கோடி' வரை போதும். மூலமே 'சுமார் 3' என்கிறபோது கடைசிக் கோடி வரை எழுதினால், இல்லாத துல்லியத்தை நாமே உண்டாக்குகிறோம். ஒரே செய்தியில் மேலே பில்லியன், கீழே கோடி என்று மட்டும் கலக்கக் கூடாது.

வடிவேலன்
டிரில்லியனைத் திருத்தியதற்கு நன்றி. சதவீதத்திலும் ஒன்று: 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டி 6.50-லிருந்து 6.25 ஆனது. '0.25 சதவீதம் குறைப்பு' என்று எழுதினார்கள். அது தப்பு.

பழைய பிழைதிருத்தி
கறாராகப் பார்த்தால் 0.25 சதவீதப் புள்ளி, அதாவது 25 அடிப்படைப் புள்ளிகள். 6.50-இல் 0.25 என்பது ஏறத்தாழ 3.85 சதவீதக் குறைவு. நான் '6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாக' என்று இரண்டு எண்ணையும் எழுதிவிடுவேன். யாருக்கும் குழப்பம் வராது.

செய்திமேசை
தலைப்பில் அவ்வளவு இடம் கிடைக்காது. 'சதவீதப் புள்ளி' என்றால் பாதி வாசகர்கள் தசமப் புள்ளி என்று நினைக்கிறார்கள். தலைப்பில் '0.25% குறைப்பு', உள்ளே இரண்டு எண் என்று வைத்திருக்கிறோம்.

பழைய பிழைதிருத்தி
தலைப்பை மட்டும் படிப்பவர்தான் அதிகம். அதனால் அதை நான் ஏற்க மாட்டேன். 'வட்டி 6.25% ஆனது' என்று போட்டால் இடமும் குறைவு, பிழையும் இல்லை.