ராக் பீச் பின்னணியில் பொண்ணு ஒட்டவே மாட்டேங்குது: ரிம் லைட், லைட் ராப் சந்தேகம்

வில்லியனூர் ஆல்பம்
வணக்கம். கல்யாண ஆல்பத்தின் நடுப்பக்கத்துக்கு ஒரு படம் செய்கிறேன். பொண்ணை ஸ்டூடியோவில் சாம்பல் திரைக்கு முன்னால் எடுத்தது. அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லி. பின்னணி பாண்டி ராக் பீச். சூரியன் கடலுக்குச் சற்று மேலே, ஃப்ரேமின் இடது பக்கம். கீழே கறுப்புப் பாறைகள். போட்டோஷாப்தான், படம் 6000 பிக்சல் அகலம்.

கட்டிங் சுத்தம். ஆனாலும் வேறெங்கோ எடுத்தது என்று பார்த்ததும் தெரிகிறது. Outer Glow-வில் மஞ்சள் கொடுத்துப் பார்த்தேன், காலண்டர் சாமிக்குப் போடும் ஒளிவட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஸ்டூடியோவில் சாஃப்ட்பாக்ஸ் முன்னால், வலது பக்கம் இருந்தது. எங்கே கோட்டை விடுகிறேன்?

நெல்லிக்குப்பத்தான்
Outer Glow வெளியேதான் பரவும் தம்பி, அதான் வட்டம் வருது. Inner Glow போடு. மோட் Screen, Source-ல் Edge, நிறத்தைச் சூரியனுக்குப் பக்கத்து வானத்திலிருந்து எடு, Size 25. ரெண்டு நிமிஷ வேலை.

லாஸ்பேட்டை அக்கா
உள்ளே வர வேண்டும் என்பது சரி. ஆனால் Inner Glow நாலு பக்கமும் ஒரே அளவில் வரும். கறுப்புப் பாறைக்கு முன்னால் இருக்கிற புடவைக் கரையும் சூரியனுக்கு எதிர்ப்பக்கத் தோளும் சேர்ந்து மின்னும். அதில் ஏமாறுகிற கண்ணே கிடையாது.

முதலில் திசை. சூரியன் இடது, உங்கள் சாஃப்ட்பாக்ஸ் வலது. இது சரியாகாமல் மேலே என்ன பூசினாலும் ஒட்டாது. பின்னணியை Flip Horizontal செய்யுங்கள். பெண்ணைத் திருப்பாதீர்கள், முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், ஆல்பம் பார்க்கிற முதல் பாட்டியே கேட்பார். கடல், வானம், பாறை மட்டும் என்றால் திருப்பியது யாருக்கும் தெரியாது. பழைய பாலத்தின் தூண்கள் ஃப்ரேமில் இருந்தால் மட்டும் உள்ளூர்க்காரர் கண்டுபிடிப்பார்.

அடுத்து லைட் ராப். பின்னணி லேயரை நகல் எடுத்துப் பெண்ணுக்கு மேலே வைத்து, Gaussian Blur 60 பிக்சல் கொடுத்து, Alt+Ctrl+G அடித்துப் பெண்ணின் லேயரோடு கிளிப் செய்யுங்கள். மோட் Screen. இப்போது பெண்ணின் மாஸ்க் மேல் Ctrl வைத்துக் கிளிக் செய்தால் அவள் வடிவம் செலக்ஷனாக வரும். அதை Ctrl+Shift+I கொடுத்துத் தலைகீழாக்கி, மங்கலான லேயருக்கு மாஸ்க்காகப் போடுங்கள். ஒன்றுமே தெரியாது, பயப்படாதீர்கள். மாஸ்க்குக்கு மட்டும் 20 பிக்சல் Blur கொடுத்ததும் வெள்ளை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே கசியும். அந்தக் கசிவுதான் ராப். Opacity 50-க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இதில் நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதே இல்லை, பின்னால் இருப்பதுதான் வருகிறது. தோளுக்குப் பின்னால் வெளிச்ச வானம் என்றால் அங்கே தூக்கலாக, பாறைக்கு முன்னால் Screen-ல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல். எண்கள் உங்கள் 6000 பிக்சலுக்கு. 1500-க்குச் சுருக்கிய படத்தில் 20 போட்டால் பாதி முகம் பால் ஊற்றியது போலாகும். அங்கே 5 போதும்.

பாகூர் கேமரா
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஷூட்டிலேயே பின்பக்கம் ஒரு ஃபிளாஷ் வைத்து ஆரஞ்சு ஜெல் மாட்டினால் ரிம் தானாக வரும். நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

வில்லியனூர் ஆல்பம்
அண்ணா, கல்யாணமே முடிந்துவிட்டது. 🙂

மஞ்சக்குப்பம் ஃபிளக்ஸ்காரன்
எனக்கும் இதே பிரச்சனை. காதுகுத்து பேனரில் பையனைச் சுற்றி வெள்ளைக் கோடு வருது. அந்த லைட் ராப் போட்டேன், கோடு இன்னும் பளிச்சுன்னு ஆயிடுச்சு!

லாஸ்பேட்டை அக்கா
உங்களுடையது வேறு சார். அது பழைய பின்னணியின் மிச்சம். Screen எதையும் கறுப்பாக்காது, வெளுப்பை இன்னும் வெளுப்பாக்கும். ராப்புக்கு முன்னாலேயே அதை எடுக்க வேண்டும். லேயரை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மாஸ்க்கை Apply செய்து, Layer > Matting > Defringe, 1 பிக்சல். முடிக்கு அது உதவாது. அங்கே Select and Mask-ல் Decontaminate Colors.

வில்லியனூர் தம்பி, ரிம் இன்னும் பாக்கி. ஆரஞ்சு பிரஷ்ஷால் கோடு இழுக்காதீர்கள், பட்டின் நெசவு மறைந்து பிளாஸ்டிக் நூல் ஓட்டியது போலிருக்கும். ஒரு Curves லேயரைக் கிளிப் செய்து நன்றாகத் தூக்கி, சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, நீலத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, பெண்ணின் செலக்ஷனை வரவைத்து வெள்ளை நிரப்புங்கள். செலக்ஷன் இருக்கும்போதே, கையில் Marquee டூலோடு, அம்புக்குறி விசையால் அதைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் 8 பிக்சல், கீழே 4 பிக்சல் நகர்த்திக் கறுப்பு நிரப்புங்கள். சூரியன் பக்கம் மட்டும் மெல்லிய பிறை மிஞ்சும். Ctrl+D கொடுத்துச் செலக்ஷனை எடுத்துவிட்டு, மாஸ்க்குக்கு 2 பிக்சல் Blur. Move டூல் கையில் இருந்தால் மாஸ்க்கில் நிரப்பியதும் சேர்ந்து நகரும், கவனம்.

இந்தப் பிறை வெளிக்கோட்டில்தான் வரும். புடவைக்கு முன்னால் கிடக்கிற கையின் விளிம்பு, காது, ஜிமிக்கி இதெல்லாம் வெளிக்கோட்டில் இல்லை, ஆனால் வெயில் படும். அதே மாஸ்க்கில் சின்ன பிரஷ்ஷால் வெள்ளை தீட்டுங்கள். கை மறைக்கிற இடுப்பில் வெயில் விழாது, அங்கே அழித்துவிடுங்கள். இந்தப் பத்து நிமிஷத்தில்தான் படம் ஒட்டும்.

வில்லியனூர் ஆல்பம்
அக்கா, முந்தானை ஜரிகையில் அப்படியே வெயில் விழுந்த மாதிரி வந்துவிட்டது, நன்றி! இரண்டு இடம் உதைக்கிறது. கறுப்பு முடியில் ரிம் தெரியவே இல்லை. மல்லியோ வெந்து வெள்ளைத் திட்டாகிவிட்டது.

லாஸ்பேட்டை அக்கா
இரண்டுக்கும் காரணம் ஒன்றே. Curves இருக்கிறதைத்தான் தூக்கும். கறுப்பில் தூக்க ஒன்றுமில்லை, மல்லியில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. முடிக்குத் தனியாக ஒரு லேயர், Linear Dodge (Add), Flow 5 வைத்து வானத்து நிறத்தில் இழை இழையாகத் தடவுங்கள். மல்லி மேல் மாஸ்க்கில் 70 சதவீதம் கறுப்பு. நிஜத்தில் பூவிதழுக்குள் வெளிச்சம் ஊடுருவி வரும், அந்த மென்மை இந்த முறையில் வராது. கிட்டத்தில் பார்த்தால் தெரியத்தான் செய்யும்.

முகத்தையும் பாருங்கள். சூரியன் முதுகுப்பக்கம் என்றால் முன்பக்கம் நிழல். தனி Curves ஒன்றில் அரை ஸ்டாப் அளவுக்கு இறக்குங்கள். காலை மூட்டத்தில் கடல்பக்கம் முழுக் கறுப்பே இருக்காது, அதனால் முடியின் கறுப்பைப் பாறையின் கறுப்பளவுக்குத் தூக்குங்கள். மேலே ஒரு Black & White லேயர் வைத்து, 25 சதவீத ஜூமில் பாருங்கள். நிறம் போனதும் வெளிச்ச வித்தியாசம் உடனே மாட்டும்.

பாகூர் கேமரா
முகத்தை இறக்கினால் பொண்ணு வீட்டில் ஆல்பத்தைத் திருப்பி அனுப்புவாங்க. நம்ம ஊரில் முகம் பளிச்சுன்னு இருக்கணும். முன்னால் ரிஃப்ளெக்டர் பிடித்ததாக வைத்துக்கொள்ளலாமே?

லாஸ்பேட்டை அக்கா
ரிஃப்ளெக்டர் என்றால் முகம் வெளிச்சமாகலாம், ஆனால் ரிம்மை விட அதிகமாகக் கூடாது. தாண்டினால் பழையபடி ஸ்டூடியோ ஆகிவிடும்.

நெல்லிக்குப்பத்தான்
Inner Glow-வை Create Layer கொடுத்துத் தனியாகப் பிரித்து, வேண்டாத பக்கத்தை அழித்தால் இதே மாதிரி வருமே அக்கா. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் செய்கிறவனுக்கு அது போதும்.

லாஸ்பேட்டை அக்கா
சின்னப் படங்களுக்குப் போதும், ஒத்துக்கொள்கிறேன். நடுப்பக்கத்துக்கு வேண்டாம்.

வில்லியனூர் ஆல்பம்
முகத்தைக் கால் ஸ்டாப் இறக்கி ஒன்று, இறக்காமல் ஒன்று, இரண்டும் பொண்ணு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். முடி இழைகளுக்கு இடையில் இன்னும் சாம்பல் தெரிகிறது, Decontaminate-ஐ முழுசாக ஏற்றியும் போகவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.