பனிக்குள் தொலைந்த டாலி ஜூம்: குற்றம் லென்ஸிலா, டிராலியிலா?

பைன்காட்டான் (கொடைக்கானல்):
எங்கள் குறும்படத்துக்காகப் பைன் காட்டில் டாலி ஜூம் எடுத்தோம். அண்ணன் வீடு திரும்பவில்லை என்று கேள்விப்பட்ட நாயகி அசையாமல் நிற்கிறாள். முகம் அதே அளவில் இருக்க, பின்னாலுள்ள மரங்கள் அவளை நெருக்கிக்கொண்டு வர வேண்டும். 24-70 லென்ஸில் டிராலியைப் பின்னால் இழுத்தபடி ஜூம் செய்தும் மரங்கள் நெருங்கவே இல்லை. பின்னணியை இழுத்து வருவது லென்ஸின் வேலை, 200 மி.மீ. வரை போகும் லென்ஸ் இல்லாதவர்கள் இந்த உத்தியைத் தொடவே கூடாது என்பது என் முடிவு.

டிராலி மாரி (பெருமாள்மலை):
உங்கள் முடிவைப் படித்தபோது குடித்த தேநீர் புரையேறிவிட்டது, தம்பி. பின்னணியை இழுத்து வருவது லென்ஸ் அன்று, கேமரா இடம் மாறுவதுதான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜூமை மட்டும் 24 இலிருந்து 70 வரை திருப்பிப் பாருங்கள். முகம் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, மரமும் அத்தனை மடங்கே பெரிதாகும். டிராலி பின்னால் போகும்போது அருகிலிருக்கும் முகம் வேகமாகச் சிறுக்கும், தொலைவிலிருக்கும் மரம் கொஞ்சமே சிறுக்கும். ஜூம் அந்த முகத்தைப் பழைய அளவுக்குத் தூக்கிவிடுகையில் மரமும் கூடவே தூக்கப்படுவதால்தான் அது அவள் முதுகில் வந்து நிற்பதுபோலத் தெரிகிறது.

நீங்கள் பதிவேற்றிய துண்டை மூன்று முறை பார்த்தேன். நாயகிக்குப் பின்னால் இரண்டு மரங்கள், அதற்குப் பின்னால் வெறும் பனி. 24 இல் ஒன்றரை மீட்டர் தொலைவில் தொடங்கினால், 70 இல் ஏறக்குறைய 4.4 மீட்டரில் முடிக்க வேண்டும். அப்போது அவளுக்கு 20 மீட்டர் பின்னாலிருக்கும் மரம் இரண்டரை மடங்கு பெரிதாகும். இரண்டு மீட்டர் பின்னாலிருப்பதோ 1.6 மடங்குதான். உங்கள் பனி அந்த 20 மீட்டர் மரங்களை விழுங்கிவிட்டது. வரிசையாக நிற்கும் பைன் தண்டுகள் இந்த உத்திக்கென்றே நட்டவை போன்றவை; மதியப் பனி இறங்கியபின் அவற்றை எடுக்கப் போனது யார் குற்றம்?

பைன்காட்டான்:
பனியைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம், நான் இந்த ஊரில் பிறந்தவன். 70 இல் 1.6 மடங்கு என்றால், 200 இல் இன்னும் அதிகமாகும் அல்லவா? ஆக, லென்ஸ்தான் இழுக்கிறது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

டிராலி மாரி:
200 மி.மீ. போட்டால் டிராலி பன்னிரண்டரை மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். அத்தனை நீளத்துக்கு டிராக் போடப் பைன் காட்டுச் சரிவில் எங்கே இடம் இருக்கிறது? தூரம் கூடுவதால் விளைவும் கூடுகிறது. அந்தத் தூரத்தில் முகத்தைப் பிடித்துவைக்க மட்டுமே 200 தேவைப்படுகிறது. 1958 ஆம் ஆண்டு 'வெர்டிகோ' படத்தில் இர்மின் ராபர்ட்ஸ் மாடிப்படிகளுக்கு நடுவே தெரியும் ஆழத்தை எடுத்தபோது, அந்த மாடிப்படியின் சிறு மாதிரியைச் செய்து பக்கவாட்டில் படுக்கவைத்து, கேமராவைத் தரைக்கு இணையாக நகர்த்தினார்கள். லென்ஸ் மட்டுமே இழுத்துவிடும் என்றால், அவ்வளவு பாடுபட அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

ஊட்டி வெங்கி:
மாரி அண்ணன் பனியையே பிடித்துத் தொங்குகிறார். துண்டில் அந்த இரண்டு மரங்களும் மங்கித்தான் தெரிகின்றன, துவாரத்தை 2.8 இல் வைத்திருப்பார்கள். பின்னணி கலங்கியிருந்தால் அது பெரிதாவது கண்ணுக்கு உறைக்காது. 8 வரை குறைத்திருக்க வேண்டும். மற்றபடி இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டிராலி ஒரே வேகத்தில் போகட்டும், ஜூம் ரிங்கை மோட்டார் ஒரே வேகத்தில் திருப்பட்டும், தானாகச் சரியாகிவிடும். எங்கள் ஊட்டியில் பனி இதைவிட அடர்த்தி, நாங்கள் அழுதுகொண்டிருக்கவில்லை.

டிராலி மாரி:
துவாரத்தைப் பற்றிச் சொன்னது சரி, வெங்கி. ஒரே வேகம் என்றது சரியன்று. 24 இலிருந்து 35 வரை ரிங் திரும்பும் நேரத்தில் டிராலி 70 செ.மீ. அளவுக்கே போக வேண்டும்; 50 இலிருந்து 70 வரை திரும்பும் ஏறத்தாழ அதே திருப்புக்கு 125 செ.மீ. போக வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் விட்டால் முகம் நடுவில் சிறுத்து, முடிவில் மீண்டும் பெருக்கும். பார்ப்பவருக்கு வருவது அச்சமன்று, தலைசுற்றல். நாங்கள் ரிங்கில் வெள்ளை டேப் ஒட்டி, டிராக்கில் சாக்பீஸால் அதே எண்களைக் குறித்து, ஒருவர் எண்ணைச் சொல்ல மற்றவர் திருப்புவோம். மானிட்டரில் கண்ணுக்கும் மோவாய்க்கும் இரண்டு கோடுகள். அவற்றை முகம் தாண்டினால் அந்த டேக் செல்லாது. ஃபோகஸுக்குத் தனி ஆள் வேண்டும்.

நாயகியையும் கவனியுங்கள். தொடக்கத்தில் அவள் அழுகையில் 20 செ.மீ. முன்னால் சாய்ந்தாலே முகம் 15 விழுக்காடு பெரிதாகிவிடும். டிராலி பின்னால் போனபிறகு அதே சாய்வு பெரிதாகத் தெரியாது. ஆகவே முதல் இரண்டு வினாடிகள் அவளை மரத்தில் முதுகு சாய்த்து நிறுத்துவதே பாதுகாப்பு.

பைன்காட்டான்:
மரத்தில் சாய்த்து நிறுத்தினால் பின்னணி எங்கே தெரியும்? கேட்பவன் கேணையன் என்று நினைத்தீர்களா? தவிர, சென்ற ஆண்டு எங்கள் டிராலியை இரவல் வாங்கிச் சக்கரத்தை உடைத்துத் திருப்பித் தந்தவர், டிராலியின் பெருமையை எனக்குச் சொல்வது வேடிக்கை.

டிராலி மாரி:
அந்தச் சக்கரம் என்னிடம் வரும்போதே ஆடிக்கொண்டிருந்தது, சாட்சி இருக்கிறது. மெல்லிய மரமாகப் பார்த்துச் சட்டத்தின் ஓரத்தில் நிறுத்தினால் மறுபக்கம் முழுவதும் காடு தெரியும்.

கோத்தகிரி வீடியோ மாமா:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சென்ற மாதம் ஒரு திருமணத்தில் மாப்பிள்ளையைத் தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தி, 4K இல் 24 லென்ஸை ஜூம் செய்யாமல் வைத்து, கேமராவை மட்டும் பின்னால் கொண்டுபோனேன். பிறகு எடிட்டிங்கில் முகம் அசையாதபடி சட்டத்தைச் சிறிது சிறிதாக வெட்டிப் பெரிதாக்கினேன். மலை அப்படியே மாப்பிள்ளைமீது சாய்வதுபோல வந்தது; பெண்வீட்டார் அபசகுனம் என்று நீக்கச் சொல்லிவிட்டார்கள். இதுவும் டாலி ஜூம்தானா?

டிராலி மாரி:
மாமா, வழக்கை நீங்களே தீர்த்துவிட்டீர்கள். லென்ஸைத் தொடவே இல்லை, மலை வந்துவிட்டது! ஒரே ஒரு எல்லை: 3840 புள்ளி அகலத்தை இரண்டு மடங்கு வெட்டினால் 1920 மிஞ்சும், அதுவரை முழு எச்.டி. படத்துக்குத் தாங்கும். எனவே 24 ஐ 48 ஆக்குவதுவரை போகலாம், டிராலி மூன்று மீட்டரில் நின்றுவிட வேண்டும்.

பைன்காட்டான்:
கம்ப்யூட்டரில் வெட்டியது டாலி ஜூமே அன்று. ஜூம் என்ற சொல்லே அதில் இல்லை. லென்ஸ் திரும்பினால்தான் ஜூம்.

ஊட்டி வெங்கி:
இதில் மட்டும் பைன்காட்டான் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்டிய படத்தில் அந்தத் தொய்வு, அந்த இழுப்பு வராது.

டிராலி மாரி:
எந்த இழுப்பு? இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டிக் காட்டுங்கள், நான் என் டிராலியை விற்றுவிடுகிறேன்.

பைன்காட்டான்:
உங்கள் டிராலியா, என் சக்கரம் பூட்டிய டிராலியா? ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பனி இல்லாதபோது 70-200 லென்ஸுடன் காட்டுக்குப் போகிறேன். மரம் நெருங்கி வந்தால், அது லென்ஸ் செய்தது.

டிராலி மாரி:
பனி இல்லாத காலையில் போய்விட்டு லென்ஸ் செய்தது என்பீர்களா? அதே காலையில் அதே இடத்தில் உங்கள் 24-70 ஐயும் எடுத்துப் பாருங்கள், தம்பி. டேப் நான் தருகிறேன்.

பைன்காட்டான்:
உங்கள் டேப் எனக்கு வேண்டாம். சக்கரத்துக்கு உரிய பணத்தைத் தாருங்கள்.