துவக்கப் பட்டியலில் தென்படாத எஸ்எஸ்டி: தரவு போகாமல் எதை முயலலாம்?

வணக்கம். உறக்க நிலையில் இருந்த மடிக்கணினியின் பேட்டரி முழுவதும் தீர்ந்துபோனதிலிருந்து, அதிலுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பயாஸின் துவக்கப் பட்டியலில் தென்படுவதே இல்லை. வேறு கணினியில், வேறு கேபிளில் மாட்டிப் பார்த்தும் அதே நிலை என்பதால், திடீரென மின்சாரம் நின்றதில் டிரைவின் உள் முகவரி அட்டவணை குலைந்து ஃபர்ம்வேர் முடங்கியிருக்கலாம் எனக் கருதுகிறேன்.

டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் கேபிளை மட்டும் மாட்டி 20 முதல் 30 நிமிடம் விட்டு, அரை நிமிடம் மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடியும் அவ்வாறே செய்தால், சில டிரைவ்களில் ஃபர்ம்வேர் அட்டவணையைத் தானே சீராக்கிக்கொள்ளும். இதை மேசைக் கணினியின் பவர் சப்ளையில் முயலவிருக்கிறேன். டிரைவ் தென்பட்டால், விண்டோஸ் கேட்கும் ‘இனிஷியலைஸ்’ கேள்விக்கு இசையாமல், முதலில் `ddrescue` கொண்டு முழுப் படி எடுத்த பின்பே ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பேன்.

இந்த வரிசை சரிதானா? தென்படாவிட்டால், போர்டில் இரு முனைகளை இணைத்து ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும் முறை (அது பெரும்பாலும் தரவை அழித்துவிடும்) தவிர வேறு வழி உண்டா, அல்லது தரவு மீட்பு நிலையத்திடம் கொடுத்துவிடுவதே நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.